நூல் கவுண்ட் மெல்ல நகரும்போது எந்த சார்ட் முதலில் சொல்லும்?

ஸ்பின்னிங் மில்லின் க்யூசி லேபில் தினமும் நடக்கும் வேலை இது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமிலிருந்து நூல் சுற்றிய காப்ஸ் எடுத்து வந்து, ராப் ரீலில் 80 சுற்று சுற்றுவார்கள். ரீலின் ஒரு சுற்று ஒன்றரை கஜம் என்பதால் 120 கஜம் கிடைக்கும். அதுதான் ஒரு லீ. அதை கிராமில் எடை போட்டு, 64.8-ஐ அந்த எடையால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 40-ஆம் கவுண்ட் நூலென்றால் லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். எடை கூடினால் கவுண்ட் இறங்கும், அதாவது நூல் தடிப்பாகிறது என்று அர்த்தம்.

ஒரு நாளைக்கு 20 லீ போட்டு, அவற்றின் சராசரியை நோட்டில் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு எண். அந்த எண் ஒரேயடியாகக் குதித்தால் யார் கண்ணுக்கும் தெரியும். தினமும் கடுகளவு நகர்ந்து, மூன்று வாரத்தில் அரை கவுண்டுக்கு மேல் இறங்கும் விலகல்தான் தப்பிவிடுகிறது. அதை முன்கூட்டியே பிடிக்க நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு ஒரே எண் வரிசையை எல்லா வழியிலும் ஓட்டிக் காட்டுகிறேன். எண்கள் கணக்கைக் கையால் சரிபார்க்க வசதியாக எளிமையாக்கப்பட்டவை. ஆனால் அவை சொல்லும் கதை மில்லில் வேலை பார்த்தவர்களுக்குப் பழக்கமானதுதான்.

19 நாள் எண்கள், வரிசையாக:

40.2, 39.9, 40.3, 39.8, 40.1, 39.7, 40.0, 39.6, 39.9, 39.7, 39.4, 39.7, 39.6, 39.5, 39.3, 39.5, 39.2, 39.4, 39.0

வாங்குபவரோடு பேசிய வரம்பு 39 முதல் 41 வரை. நோட்டில் இந்த இரண்டு எண்களையும் சிவப்புக் கோடாகப் போட்டு, அதற்குள் இருந்தால் சரி என்று டிக் அடிப்பதுதான் பல இடங்களில் நடப்பது. அந்தக் கணக்கில் 19-ஆம் நாளின் 39.0 கூடப் பாஸ். சரக்கை அனுப்பலாமா என்ற கேள்விக்கு ஒப்பந்த வரம்பு பதில் சொல்லும். மெஷின் நேற்று ஓடியதுபோல இன்றும் ஓடுகிறதா என்ற கேள்விக்கு அதனிடம் பதிலே கிடையாது. ஆகவே இதைத் தேர்வுப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து. கண்ட்ரோல் சார்ட் தாளில் ஒப்பந்த வரம்பை வரையவே வேண்டாம். வரைந்தால் எல்லோர் கண்ணும் அதற்குத்தான் போகும்.

அடுத்தது, 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் கொடுத்த வழி. செயல்முறை நன்றாக ஓடிய நாட்களின் ஏற்ற இறக்கத்தையே எடுத்து, அதிலிருந்து மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கணக்கிடுவது. நாளுக்கு ஒரு எண்தான் இருக்கிறது என்பதால், அடுத்தடுத்த இரண்டு நாளின் வித்தியாசத்தைக் குறி பார்க்காமல் எடுத்து, அவற்றின் சராசரியைக் கண்டுபிடிக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில், இந்த 19 நாளுக்கு முந்தைய நிலையான 25 நாளின் சராசரி 40.0 என்றும், நாளுக்கு நாள் வித்தியாசத்தின் சராசரி 0.34 என்றும் வைத்துக்கொள்வோம். அதை 2.66-ஆல் பெருக்கினால் 0.90. ஆக, மேல் எல்லை 40.9, கீழ் எல்லை 39.1. அதே 0.34-ஐ 1.128-ஆல் வகுத்தால் 0.30 வரும். அதுதான் ஒரு சிக்மா, நாள் எண்ணின் வழக்கமான ஆட்டத்துக்கான அளவு. பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த 0.30 வேண்டும்.

இந்த எல்லைகளை வரையும்போது நடக்கும் இரண்டு தவறுகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எந்த சார்ட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இவை அதைக் கெடுத்துவிடும்.

முதல் தவறு, ஒரே நாளின் 20 லீக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தை வைத்து எல்லை போடுவது. லீக்கு லீ 1.5 சதவீத வேறுபாடு என்றால் அது 0.6 கவுண்ட். 20 லீயின் சராசரிக்கு அதை 20-இன் வர்க்கமூலத்தால் வகுக்க, 0.134 ஆகும். மூன்று மடங்கு 0.40. எல்லைகள் 39.6, 40.4 என்று மிகவும் நெருங்கிவிடும். ஆனால் பஞ்சு மிக்சிங், ஈரப்பதம், ஷிஃப்ட் என்று நாளுக்கு நாள் மாறும் விஷயங்கள் 20 லீக்குள் தெரியாது. அவையும் சேர்ந்த உண்மையான சிக்மா 0.30 என்பதால், எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை புள்ளி எல்லையைத் தாண்டும். ஒரு மாதத்தில் அந்த சார்ட்டை யாரும் நம்பமாட்டார்கள். புத்தகத்தில் ‘சராசரி, வீச்சு சார்ட்’ என்று முதலில் வருவதாலேயே பலர் இதில் விழுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து துண்டு அளக்கும் லேத் பட்டறைக்கு அது பொருந்தலாம். நாள் சராசரிக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது.

இரண்டாவது தவறு, எக்செலில் மாதம் முழுவதையும் தேர்ந்தெடுத்து STDEV போடுவது. மேலே உள்ள 19 எண்களுக்கே அப்படிப் போட்டுப் பாருங்கள். சராசரி 39.67, விலகல் 0.34, மூன்று மடங்கு 1.03. கீழ் எல்லை 38.64 என்று வரும். 19-ஆம் நாளின் 39.0 நிம்மதியாக உள்ளே உட்கார்ந்திருக்கும். விலகிப்போன நாட்களையும் சேர்த்து எல்லை கணக்கிட்டால், அந்த விலகலே எல்லையை அகலமாக்கி, நடுக்கோட்டையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். நாளுக்கு நாள் வித்தியாச முறைக்கு மாறினால் மட்டும் இது தீராது, ஏனென்றால் நடுக்கோடு அப்போதும் 39.67-இல்தான் நிற்கும். நிலையான ஒரு காலத்தில் நடுக்கோட்டையும் எல்லைகளையும் கணக்கிட்டு அப்படியே பூட்டி வைக்க வேண்டும். மிக்சிங்கோ மெஷின் அமைப்போ தெரிந்தே மாற்றும்போது மட்டும் மறுபடி கணக்கிட வேண்டும்.

சரி, பூட்டிய எல்லைகளோடு நம் 19 நாளை ஷூஹார்ட் சார்ட்டில் ஓட்டினால்? 18 நாள் வரை எல்லாப் புள்ளியும் உள்ளே. 19-ஆம் நாள் 39.0, கீழ் எல்லை 39.1-ஐத் தாண்டி அலாரம். சரியான எச்சரிக்கைதான், ஆனால் தாமதம். இந்த சார்ட் ஒவ்வொரு நாளையும் தனியாக நிறுத்தி விசாரிக்கிறது. நேற்று, முந்தாநாள் எதுவும் அதன் நினைவில் இல்லை. ஒரு சிக்மா அளவு நிரந்தர விலகலைப் பிடிக்க இதற்குச் சராசரியாக 44 நாள் தேவை. அதே சமயம் மூன்று சிக்மா அளவு திடீர்க் குதிப்பைச் சராசரியாக இரண்டே நாளில் பிடித்துவிடும். பொய் அலாரம் சராசரியாக 370 நாளுக்கு ஒன்று, ஏறத்தாழ வருடத்துக்கு ஒன்று.

அந்த மறதியைச் சரிசெய்ய வந்தவைதான் தொடர் விதிகள். 1956-இல் அதே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் வெளியிட்ட கையேட்டில் இருப்பவை. மூன்று சிக்மா எல்லையைத் தாண்டுவது தவிர இன்னும் மூன்று விதிகள் உண்டு. தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டின் ஒரே பக்கம், ஐந்தில் நான்கு புள்ளி ஒரே பக்கத்தில் ஒரு சிக்மாவுக்கு வெளியே, மூன்றில் இரண்டு புள்ளி ஒரே பக்கத்தில் இரண்டு சிக்மாவுக்கு வெளியே. இவற்றில் எது நடந்தாலும் அலாரம். நம் எண்களில் 8-ஆம் நாளிலிருந்து எல்லாப் புள்ளியும் 40.0-க்குக் கீழே. ஆகவே 15-ஆம் நாள் எட்டுப் புள்ளி விதி அடிக்கிறது. அதே நாள் ஐந்தில் நான்கு விதியும் அடிக்கிறது, ஏனென்றால் 11, 13, 14, 15 ஆகிய நாட்கள் 39.7-க்குக் கீழே. நான்கு நாள் லாபம். புது சார்ட் வேண்டாம், புது கணக்கு வேண்டாம், ஏற்கனவே இருக்கும் தாளில் புள்ளிகளை எண்ணினால் போதும்.

ஆனால் விலை உண்டு. நான்கு விதிகளையும் சேர்த்தால் பொய் அலாரம் 370 நாளுக்கு ஒன்றிலிருந்து 92 நாளுக்கு ஒன்றாகிவிடும். ஒரே ஒரு மெஷின் குழுவுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது பெரிதில்லை. ஆறு கவுண்டுக்கு ஆறு சார்ட் வைத்திருக்கும் லேபுக்கு அது இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஃபிட்டர் போய் மெஷினைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்ப வேண்டும். மூன்று சிக்மாவோடு எட்டுப் புள்ளி விதியை மட்டும் சேர்த்தால் சுமார் 150 நாளுக்கு ஒன்று. நம் எடுத்துக்காட்டில் அதுவே 15-ஆம் நாளில் பிடித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு வழி, பழைய நாட்களை ஒரேயடியாக மறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மறப்பது. 1959-இல் ராபர்ட்ஸ் என்பவர் முன்வைத்தது. EWMA என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘ஈவ்மா’ என்று படிக்கிறார்கள். இன்றைய எண்ணில் 20 சதவீதம், நேற்று வரையான சராசரியில் 80 சதவீதம் சேர்த்தால் இன்றைய ஈவ்மா. இப்படி ஓடும் சராசரியின் ஆட்டம் தனிப் புள்ளியின் ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது 0.30-க்குப் பதில் 0.10. ஆகவே எல்லைகள் 40.0-க்கு இருபுறமும் 0.3 மட்டுமே. 39.7, 40.3.

கடைசி வழியான க்யூசம் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறது. 1954-இல் இங்கிலாந்தில் பேஜ் எழுதியது. ஒவ்வொரு நாளும் இலக்கிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அதில் அரை சிக்மாவை, அதாவது 0.15-ஐ, சகஜமான ஆட்டம் என்று கழித்துவிட்டு, மீதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போவது. சேர்ந்தது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஐந்து சிக்மாவை, இங்கே 1.5-ஐத் தாண்டினால் அலாரம். மேல்பக்கத்துக்கும் இதே போல் தனியாக ஒரு கணக்கு. பால்காரர் நோட்டில் பாக்கி ஏறுவதைப் போலத்தான். ஒரு நாள் பாக்கி சின்னது, ஏழு நாள் சேர்ந்தால் கண்ணில் படும்.

எக்செலில் இரண்டும் தலைக்கு ஒரு வரிதான். B பத்தியில் நாள் கவுண்ட், C-இல் ஈவ்மா, D-இல் கீழ்ப்பக்க க்யூசம். C2-இல் 40, D2-இல் 0 என்று தொடங்கி, மூன்றாம் வரிசையில்:

```
C3:  =0.2*B3+0.8*C2
D3:  =MAX(0, 39.85-B3+D2)
```

இரண்டையும் 19 நாளுக்கும் இழுத்துவிட்டால், ஈவ்மா 13-ஆம் நாள் 39.72, 14-ஆம் நாள் 39.68. அலாரம். க்யூசம் 7-ஆம் நாள் வரை பூஜ்யத்தை ஒட்டியே இருந்து, 8-ஆம் நாள் 0.25, 11-ஆம் நாள் 0.80, 13-ஆம் நாள் 1.20, 14-ஆம் நாள் 1.55. அதுவும் 14-ஆம் நாளே அலாரம். ஒரு சிக்மா விலகலைப் பிடிக்க இரண்டுக்குமே சராசரியாகப் பத்து நாளுக்குச் சற்று மேல் ஆகும், ஷூஹார்ட்டின் 44-க்கு எதிராக. பொய் அலாரமோ க்யூசமில் 465 நாளுக்கு ஒன்று, இந்த அமைப்பிலான ஈவ்மாவில் 500 நாளுக்கும் மேல். தொடர் விதிகளின் வேகம், அவற்றின் பொய் அலாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இதைப் பார்த்தபின் நான்கு விதிகளையும் முழுதாகப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஈவ்மாவா க்யூசமா என்றால், பிடிக்கும் வேகத்தில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. வித்தியாசம் வாசிப்பதில் இருக்கிறது. ஈவ்மா கவுண்டிலேயே பேசுகிறது. 39.68 என்றால் ஷிஃப்ட் மேஸ்திரிக்கு விளக்கம் தேவையில்லை, அதே தாளில் நாள் புள்ளிகளின் மேல் ஒரு கோடாக வரைந்துவிடலாம். க்யூசமின் 1.55 என்ன என்று ஒவ்வொருவருக்கும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். ஆனால் மற்றவை எதுவும் தராத ஒன்றை க்யூசம் தருகிறது. எப்போது தொடங்கியது என்ற தடயம். கடைசியாகப் பூஜ்யமாக இருந்தது 7-ஆம் நாள். அதனால் 8-ஆம் நாளில் என்ன மாறியது என்று லாக் புத்தகத்தைத் திறக்கலாம். அதோடு, 1.55-ஐ ஏழு நாளால் வகுத்து 39.85-இலிருந்து கழித்தால் 39.63. இப்போது நூல் எங்கே நிற்கிறது என்பதற்கான மதிப்பீடு அது.

ஆகவே என் தேர்வு இது. தாளில் ஷூஹார்ட்டின் மூன்று சிக்மா எல்லையோடு நாள் புள்ளிகள், அவற்றின் மேல் ஈவ்மா கோடும் அதன் உள் எல்லைகளும். யாரோ தவறான சக்கரம் மாட்டிய திடீர்க் குதிப்பைப் புள்ளி பிடிக்கும், மெல்ல நகர்வதைக் கோடு பிடிக்கும். க்யூசம் எக்செலில் பின்னணியில் ஓடட்டும். அலாரம் அடித்த பிறகு தொடக்க நாளைத் தேட மட்டும் அதைத் திறந்தால் போதும். கம்ப்யூட்டர் இல்லாமல் சுவரில் மாட்டிய தாளிலேயே எல்லாம் நடக்கும் சின்ன யூனிட் என்றால், மூன்று சிக்மா எல்லையும் எட்டுப் புள்ளி விதியும் போதும். நம் எடுத்துக்காட்டில் ஒரு நாள்தான் பிந்தியது.

இந்த எல்லாக் கணக்குக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இன்றைய ஆட்டம் நேற்றைய ஆட்டத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. மில்லில் அது முழுதாக உண்மையில்லை. ஒரு மிக்சிங் லாட் நான்கைந்து நாள் ஓடும், அந்த நாட்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகரும். அப்போது நாளுக்கு நாள் வித்தியாசம் சிறிதாகி, எல்லைகள் தேவைக்கு மேல் நெருங்கி, ஈவ்மாவும் க்யூசமும் அடிக்கடி கத்தும். தெரிந்துகொள்ள எளிய வழி, நிலையான காலத்து எண்களுக்கு STDEV ஒரு முறையும் வித்தியாச முறை ஒரு முறையும் போட்டுப் பார்ப்பது. முதலாவது கணிசமாகப் பெரிதாக வந்தால் ஒட்டல் இருக்கிறது. அந்த மில்லில் ஈவ்மா எல்லையைக் கொஞ்சம் அகலமாக்கியே தொடங்க வேண்டும்.

இனி அலாரம் அடித்தபின் என்ன என்பது. விலகியது எது என்று சார்ட் சொல்லாது. கவுண்ட் இறங்கினால் மேஸ்திரியின் கை முதலில், நூலை எவ்வளவு மெலிதாக இழுப்பது என்பதை மாற்றும் டிராஃப்ட் சேஞ்ச் வீலுக்குத்தான் போகும். 60 பல் சக்கரத்தில் ஒரு பல் மாற்றினால் 1.7 சதவீதம், அதாவது 40-இல் 0.7 கவுண்ட். நாள் ஆட்டம் 0.3 இருக்கும் இடத்தில் இது பெரிய சுத்தியல். ஒரு நாள் எண்ணைப் பார்த்து வீலைத் தொட்டால், இல்லாத விலகலை நாமே உண்டாக்குகிறோம்.

நமது 19 நாளில் எதையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது, அதே லேபில் அளந்த மற்ற கவுண்டுகளின் சார்ட். 30-ஆம் கவுண்டும் 60-ஆம் கவுண்டும் அதே 8-ஆம் நாளையொட்டி அதே சதவீதம் இறங்கியிருந்தால், மூன்று வரிசை மெஷினும் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. அளக்கும் இடத்தில்தான் கோளாறு. ஐப்பசி மழை தொடங்கி, ஹ்யூமிடிட்டி கட்டுப்பாடு இல்லாத லேபில் காப்ஸ் இரவு முழுக்கக் கிடந்தால் பஞ்சு ஈரத்தைக் குடிக்கும். நூலின் ஈரம் 7.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆனால் லீயின் எடை 0.93 சதவீதம் கூடும். 40.0 இருந்த கவுண்ட் 39.63 என்று காட்டும். க்யூசம் கொடுத்த மதிப்பீடும் அதேதான். 9.5 ஆனால் 39.27. கடைசி ஐந்து நாளின் சராசரி 39.28.

நூல் மாறவே இல்லை, ஈரம்தான் மாறியது. இந்த இடத்தில் வீலில் ஒரு பல் மாற்றியிருந்தால் நூல் உண்மையில் 40.7-க்கு மெலிந்துபோய், லேபில் மட்டும் 40-ஐ ஒட்டி நல்ல எண் வந்துகொண்டிருக்கும். மழை விட்டு லேப் காய்ந்தபின்தான் மெலிந்தது தெரியும். அதற்குள் அந்த நூல் தறிக்குப் போய் அறுந்துகொண்டிருக்கும்.

உறுதிசெய்ய, அதே காப்ஸிலிருந்து எடுத்த லீயை ஓவனில் முழுக்க உலர்த்தி எடை போட்டு, பருத்திக்குரிய 8.5 சதவீத ஈரத்தைக் கணக்கில் சேர்த்துக் கவுண்ட் பார்க்கலாம். நிலையான காலத்தில் இப்படி எடுத்து வைத்த எண்ணோடு இது ஒத்துப்போனால் ஸ்பின்னிங்கில் குறையில்லை. ஒத்துப்போகாமல் இறங்கியிருந்தால், அப்போது ரிங் ஃபிரேமுக்கு முந்தைய கட்டமான சிம்ப்ளெக்ஸில் வரும் ரோவிங்கின் தடிப்பைக் காட்டும் ஹேங்கையும், அதற்கு முன் டிரா ஃபிரேமில் வரும் ஸ்லைவர் திரியையும் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ரோவிங்கும் அதே அளவு தடித்திருந்தால் ரிங் ஃபிரேமைத் தொடவே தேவையில்லை.

லேபில் செய்ய வேண்டியது, 27 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் என்ற நம் ஊர்த் தர நிலையில் காப்ஸை வைத்துப் பழகவிட்டு அளப்பது. அந்த வசதி வரும் வரை, தினமும் காலையில் லேபின் ஈரப்பதத்தை அதே எக்செலில் E பத்தியில் எழுதி வைக்கலாம். காரணத்தைச் சரிசெய்த அன்று ஈவ்மாவை 40-க்கும் க்யூசமைப் பூஜ்யத்துக்கும் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பாக்கி இன்னும் பல நாளுக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.